பணம் கட்டும் நேரத்தில் போன் வந்தால்?

ஒரு புதிய பேருந்து முன்பதிவுச் செயலி முதன்முறையாக டெஸ்டரின் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி கொடுத்தால் பேருந்துகளின் பட்டியல் வரும். இருக்கையைத் தொட்டு, பயணியின் பெயரை எழுதி, யுபிஐயில் பணம் கட்டினால் டிக்கெட் எஸ்எம்எஸ்ஸாக வந்து சேரும். செயலி கற்பனைதான். ஆனால் அதற்குள் இனி அகப்படப்போகும் பிழைகள் இந்த வகைச் செயலிகளில் நிஜமாகவே அகப்படுகிறவை.

பல வருடம் ஓடிய மென்பொருள் என்றால் டெஸ்டருக்குப் பிடிமானம் இருக்கும். போன ரிலீஸில் எது உடைந்தது, வாடிக்கையாளர் எதைச் சொல்லித் திட்டினார், எந்தப் பகுதியில் கைவைத்தால் வேறெந்தப் பகுதி ஆடும் என்பதெல்லாம் யாருக்காவது நினைவில் இருக்கும். புத்தம் புதிய பொருளுக்கு அந்தப் பூர்வகதை கிடையாது. தேவைகளை எழுதிய ஆவணம் ஒன்று இருக்கும். அதை எழுதிய பிறகு செயலி பாதி மாறியிருக்கும். அந்த ஆவணத்தை வைத்து நூறு டெஸ்ட் கேஸ் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தால், எழுதியவருக்குத் தோன்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் கிடைக்கும். யாருக்கும் தோன்றாத கேள்விகள் அப்படியே கிடக்கும்.

இந்த இடத்துக்கென்று வளர்ந்த முறைதான் எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங். பொருளைக் கற்றுக்கொள்வது, அடுத்து எதைச் சோதிக்கலாம் என்று யோசிப்பது, சோதிப்பது மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்வது. 1980களில் இதற்குப் பெயர் வைத்தவர் அமெரிக்கரான செம் கேனர். ‘கண்டபடி தட்டிப் பார்ப்பதற்கு ஒரு கௌரவமான பெயர்’ என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் இன்றும் உண்டு. எந்தத் திட்டமும் இல்லாமல் செய்தால் அந்தக் கிண்டல் நியாயமானதுதான். அதற்கு ஓர் ஒழுங்கு கொடுக்க வந்தவைதான் டூர்கள். புதிய ஊருக்குப் போகிறவர் ஒரு நாள் கோயில்களை மட்டும் பார்ப்பார், இன்னொரு நாள் கடைவீதியை மட்டும் சுற்றுவார். அதேபோல் டெஸ்டரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு விஷயத்தின் மேல் கண் வைத்து, மற்றதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார். மைக்கேல் கெல்லி இப்படிப்பட்ட டூர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். ஜேம்ஸ் விட்டேக்கர் 2009இல் எழுதிய புத்தகத்தில் சுற்றுலாப் பாணியிலேயே நிறைய டூர்களுக்குப் பெயர் சூட்டினார். பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும், அதில் சண்டை போட எதுவுமில்லை. புதிய பொருளுக்கு முதல் வாரத்தில் மூன்று டூர்கள் போதும்: அம்சங்களைச் சுற்றுவது, தரவைப் பின்தொடர்வது, குறுக்கே விழுவது.

முதல் சுற்று அம்சங்களுடையது. செயலியின் ஒவ்வொரு திரைக்கும் போய், ஒவ்வொரு பொத்தானையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிலும் ஆழமாக இறங்கக் கூடாது. புதியவர்களுக்கு இதில்தான் கை நிற்காது. தேடல் திரையில் ஒரு சின்னக் கோளாறு தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அரை நாளைப் போக்கிவிடுவார்கள். மாலையில் கேட்டால், டிக்கெட்டை ரத்து செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

இந்தச் சுற்றின் விளைச்சலில் பிழைகள் கொஞ்சம்தான் இருக்கும். கேள்விகள்தான் அதிகம். நம் செயலியில் ரத்து செய்ய இரண்டு வழி தென்படுகிறது. ‘என் பயணங்கள்’ பக்கத்திலிருந்து போனால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று காட்டிவிட்டு உறுதி கேட்கிறது. எஸ்எம்எஸ்ஸில் வந்த இணைப்பைத் தொட்டால் கேள்வியே இல்லாமல் ரத்து செய்துவிடுகிறது. எது சரி என்று ஆவணத்தில் இல்லை. ஆனாலும் இது பிழை என்று டெஸ்டர் துணிந்து எழுதலாம், ஏனென்றால் ஒரே பொருள் ஒரே காரியத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது.

புதிய பொருளில் எது பிழை என்று தீர்மானிப்பதற்கான அளவுகோல் இப்படித்தான் கிடைக்கிறது: பொருள் எதனோடாவது முரண்படுகிறதா என்று பார்ப்பது. தன் இன்னொரு பகுதியோடு, விளம்பரத்தில் சொன்னதோடு, மக்கள் ஏற்கெனவே பழகிய மற்றச் செயலிகளோடு, சட்டத்தோடு. ஜேம்ஸ் பாக், மைக்கேல் போல்டன் ஆகியோர் இந்த ஒப்பீடுகளை நீளமான பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள். இவை ஹியூரிஸ்டிக்குகள், அதாவது பெரும்பாலும் கைகொடுக்கும், சில நேரம் கைவிடும் உத்திகள். முரண்பாடு தெரிந்தால் விசாரிக்க ஒரு காரணம் கிடைத்தது என்று அர்த்தம், தீர்ப்பு கிடைத்தது என்று அர்த்தமில்லை. மற்றச் செயலியில் இல்லாத ஒன்றை இந்த நிறுவனம் வேண்டுமென்றே வித்தியாசமாகச் செய்திருக்கலாம்.

இரண்டாவது சுற்றில் திரைகளை மறந்துவிட்டு ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். விட்டேக்கர் இதற்கு ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரையே வைத்தார். ஒரு பொட்டலம் எந்தக் கிளையில் ஏறி, எங்கெல்லாம் கைமாறி, எந்த வாசலில் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நம் செயலியில் அந்தப் பொட்டலம் பயணியின் பெயர். படிவத்தில் எழுதப்படும் பெயர் இருக்கைப் பட்டியலிலும், ரசீதிலும், எஸ்எம்எஸ்ஸிலும், பிடிஎஃப் டிக்கெட்டிலும், கடைசியில் நடத்துநர் கையில் இருக்கும் பயணிகள் பட்டியலிலும் வர வேண்டும்.

‘ஸ்ரீநிவாசன்’ என்று தமிழில் எழுதிப் பார்ப்போம். கண்ணுக்கு ஸ்ரீ, நி, வா, ச, ன் என்று ஐந்து எழுத்து. கணினிக்கு அது 11 குறியீடு. ‘ஸ்ரீ’ மட்டுமே நான்கு: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும், ஆக மொத்தம் 33 பைட். படிவம் ‘30 எழுத்து வரை’ என்று சொல்கிறது. பின்னால் பெயர்ப் பட்டியலை அச்சுக்கு அனுப்பும் நிரலோ 30 பைட்டில் வெட்டுகிறது. 33இல் மூன்று போனால் ஒரே ஒரு குறியீடுதான் போகும், கடைசிப் புள்ளி. நடத்துநரின் பட்டியலில் ‘ஸ்ரீநிவாசன’ என்று நிற்கும். திரையில் சரியாக இருந்த பெயர் ஐந்தாவது கைமாற்றத்தில்தான் சிதைகிறது. படிவத் திரையை மட்டும் சோதித்தவருக்கு இது எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்தவருக்கும் அப்படித்தான், அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான்.

எஸ்எம்எஸ்ஸில் வேறு கதை. ஆங்கில எழுத்தில் இருக்கும் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து இடமுண்டு. உள்ளே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, வரம்பு 70 ஆகிவிடும். நீண்ட செய்தியாகப் பிரித்து அனுப்பும்போது துண்டுக்கு 67தான். அப்படியானால் 150 எழுத்தில் அடக்கமாக அமைந்திருந்த டிக்கெட் செய்தி, பயணி தன் பெயரைத் தமிழில் எழுதிய ஒரே காரணத்தால் மூன்று துண்டாகப் போகும். நிறுவனத்துக்கு மூன்று எஸ்எம்எஸ் கட்டணம். இதில் பிழை என்று எதையும் சுட்ட முடியாது, எல்லாம் விதிப்படிதான் நடக்கிறது. ஆனாலும் கட்டணப் பட்டியலைப் பார்க்கும் ஒருவர் ரிலீஸுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள விரும்பும் செய்தி இது.

எந்தப் பெயர்களை வைத்துச் சுற்றுவது என்பதில்தான் டெஸ்டரின் ஊர்ப் பரிச்சயம் உதவுகிறது. குடும்பப் பெயர் இல்லாமல் இனிஷியல் மட்டும் உள்ளவர் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் என்ன எழுதுவார்? புள்ளியை அந்தக் கட்டம் ஏற்குமா? தேதியிலும் இப்படிப்பட்ட சங்கதி உண்டு. இரவு 12.15க்குப் புறப்படும் பேருந்து செயலியின் கணக்கில் 15ஆம் தேதியுடையது, பயணியின் மனத்தில் அது 14ஆம் தேதி ராத்திரி வண்டி. ஒரு நாள் தள்ளிப் பதிவு செய்துவிட்டு நிலையத்தில் வந்து நிற்பவரை எந்த டெஸ்ட் கேஸும் காப்பாற்றாது. எண்களுக்குப் பலரும் கைக்கொள்ளும் எளிய உத்தி ஒன்று, பல, எதுவுமே இல்லை என்ற மூன்றையும் முயல்வது. ஒரு பயணி, ஆறு பயணி, பயணியே இல்லாமல் ‘அடுத்து’.

எழுத்துகளால் வரும் வம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் நடந்தது போதும். ஒரு குறிப்பிட்ட தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியாக வந்தாலே ஐபோன்களில் செய்திச் செயலிகள் முடங்கிப்போயின. எழுத்தை வரைந்து காட்டும் பகுதியில் இருந்த கோளாறு அது. ஆப்பிள் அதே மாதத்தில் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டுத்தான் அதைச் சரிசெய்தது.

மூன்றாவது சுற்றில் டெஸ்டர் ஒரு காரியத்தைத் தொடங்கி, அது முடிவதற்குள் குறுக்கே விழுகிறார். போனில் அழைப்பு வரவைக்கலாம், திரையை அணைக்கலாம், நெட்டைத் துண்டிக்கலாம், பின்செல் பொத்தானை அழுத்தலாம், வேறு செயலிக்குத் தாவலாம். எங்கே குறுக்கிடுவது என்பதை முதல் இரண்டு சுற்றுகள் சொல்லியிருக்கும். நம் செயலியில் அது பணம் கட்டும் இடம். பயணி அங்கே கட்டாயமாகச் செயலியைவிட்டு யுபிஐ செயலிக்குப் போய்த் திரும்பி வருகிறார். குறுக்கீடு என்பது அந்த வழியிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

இருக்கையைத் தேர்ந்ததும் சர்வர் அதை எட்டு நிமிடம் இவருக்காகப் பிடித்துவைக்கிறது. திரையில் ஒரு கடிகாரம் கீழிறங்கிக்கொண்டே வரும். டெஸ்டர் சரியாகப் பத்து மணிக்கு இருக்கையைத் தொடுகிறார். 10.02க்கு ‘பணம் கட்டு’ அழுத்தி யுபிஐ செயலிக்குப் போகிறார். பக்கத்து மேசைக்காரர் அவருக்குப் போன் செய்கிறார். ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பும் முன், பின்னணியில் கிடக்கும் முன்பதிவுச் செயலியை நினைவகப் பற்றாக்குறை என்று ஆண்ட்ராய்டு மூடிவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். அதற்காக நிஜமான பற்றாக்குறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போனைக் கணினியோடு இணைத்து ஒரு வரி அடித்தால் போதும் (செயலியின் பெயர் இங்கே மாதிரிக்கு):

```
adb shell am kill com.example.busticket
```

பின்னணியில் இருக்கும் செயலியின் இயக்கத்தை இது நிறுத்திவிடும். போன் அமைப்பில் உள்ள டெவலப்பர் பகுதியில் ‘Don't keep activities’ என்பதை இயக்கிவைத்தாலும் ஏறக்குறைய இதே சங்கடத்தைக் கொடுக்கலாம்: திரையைவிட்டு வெளியே போன உடனேயே ஆண்ட்ராய்டு அந்தத் திரையைக் கலைத்துவிடும்.

10.07க்கு ரகசிய எண்ணை அடிக்கிறார். வங்கியிலிருந்து பணம் போய்விட்டது. முன்பதிவுச் செயலிக்குத் திரும்பினால், அது முதலிலிருந்து தொடங்கி ஊர் தேடும் திரையைக் காட்டுகிறது. இருக்கையைப் பற்றி மூச்சே இல்லை. ‘பணம் வந்துவிட்டது’ என்று வங்கித் தரப்பிலிருந்து சர்வருக்குப் போகும் தகவல் கொஞ்சம் தாமதித்து 10.08 தாண்டி வருகிறது. அதற்குள் எட்டு நிமிடம் முடிந்து இருக்கை விடுவிக்கப்பட்டு, வேறொருவர் அதை எடுத்துவிட்டார். இப்போது என்ன நடக்க வேண்டும்? இருவருக்கும் டிக்கெட் போனால் பேருந்து நிலையத்தில் சண்டை. இவருக்கு எதுவுமே போகாவிட்டால் பணம் அந்தரத்தில் நிற்கும். தானாகவே பணத்தைத் திருப்பி அனுப்பி, காரணத்தையும் சொன்னால் ஓரளவு நியாயம்.

அன்று மாலை டெஸ்டர் இதை டெவலப்பரிடம் கேட்கிறார்.

“எட்டு நிமிஷம் முடிஞ்சப்புறம் பேமெண்ட் வந்தா என்ன பண்ணும்?”

“வராதுங்க. அதான் டைமர் இருக்கே.”

“டைமர் போன்லதானே ஓடுது? போன்ல ஆப்பே இல்லையே.”

டெவலப்பர் தன் கணினிப் பக்கம் திரும்பி நிரலைத் தேடத் தொடங்குகிறார். இந்தச் சுற்றில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எவரும் தவறாக முடிவெடுத்திருக்க மாட்டார்கள். முடிவே எடுத்திருக்க மாட்டார்கள். செயலியைக் கொல்லாமல், வெறுமனே பின்னணியில் விட்டுவிட்டு வந்தாலும் இன்னொன்று அகப்படலாம். பின்னணிக்குப் போனதும் திரைக் கடிகாரம் நின்றுவிடுகிறது, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. சர்வரின் கடிகாரம் நிற்பதில்லை. பயணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருப்பதாகக் காட்டும்போது அவருடைய இருக்கை ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும்.

குறுக்கீடு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பயன்படுத்துபவரே முன்னே போய்விட்டுப் பின்னே வந்து ஒன்றைத் திருத்துவதும் குறுக்கீடுதான். தனியார் பேருந்துகளில் பெண் பயணி இருக்கும் இருக்கைக்குப் பக்கத்து இடத்தைப் பெண்ணுக்கே தருவது பரவலான வழக்கம். பயணி ‘பெண்’ என்று கொடுத்து அந்த இருக்கையை எடுத்துவிட்டு, பணம் கட்டும் திரையிலிருந்து திரும்பி வந்து ‘ஆண்’ என்று மாற்றினால் செயலி மறுபடி சரிபார்க்குமா? இருக்கையைத் தொட்டபோது ஒரு தடவை பார்த்தாயிற்று என்று விட்டுவிடும் நிரல்கள் ஏராளம்.

இதே அசைவு ஓர் இடத்தில் உயிர்களைப் பறித்தது. தெராக்-25 என்பது கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்த, கணினியால் இயங்கும் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை அதில் ஆறு விபத்துகள் நடந்தன. 1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில், இயந்திரத்தை இயக்கிய பெண் எலக்ட்ரான் சிகிச்சைக்கு ‘e’ அடிப்பதற்குப் பதிலாக எக்ஸ்ரேக்கான ‘x’ அடித்துவிட்டார். கவனித்ததும் அம்புக்குறியால் மேலே போய்த் திருத்திவிட்டு, சரசரவென்று கீழே வந்து கதிரைச் செலுத்தினார். இயந்திரம் ‘Malfunction 54’ என்ற புரியாத செய்தியைக் காட்டி நின்றது. உள்ளே இருந்த நோயாளியின் உடலில் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்திருந்தது. அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அதே கதி. இருவரும் இறந்துபோனார்கள்.

நிறுவனத்தின் பொறியாளர்களால் முதலில் அந்தப் பிழையை மறுபடி வரவைக்க முடியவில்லை. வரவைத்துக் காட்டியவர்கள் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்தப் பெண்ணும்தான். என்ன செய்தோம் என்று நினைவுபடுத்தி, திரையில் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். வேகம்தான் காரணம் என்று கடைசியில் பிடிபட்டது. இயந்திரத்துக்குள் இருக்கும் காந்தங்கள் தயாராக ஏறத்தாழ எட்டு வினாடி எடுக்கும். அந்த எட்டு வினாடிக்குள் திருத்தி முடித்துவிட்டால், திருத்தம் நடந்ததையே மென்பொருள் கவனிக்காமல் போனது. நிதானமாக அடித்துப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே வந்தது. தினமும் அதே வேலையைச் செய்து விரல் பழகியவருக்குத்தான் அந்த வேகம் வாய்க்கும். ‘மேலே போய்த் திருத்து’, ‘அதையே வேகமாகச் செய்’ என்ற இரண்டு உத்திகளையும் டெஸ்டர்கள் இன்றும் ஜோடியாகவே வைத்துக்கொள்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இப்படிச் சுற்றுவதெல்லாம் யாருக்கும் கணக்குச் சொல்லாத உல்லாசமாகிவிடக் கூடாது என்பதற்காக ஜேம்ஸ் பாக்கும் அவருடைய தம்பி ஜோனத்தன் பாக்கும் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு கட்டுப்பாட்டை வகுத்தார்கள். வேலையைச் செஷன்களாகப் பிரிப்பது அது. ஒரு செஷன் சுமார் 90 நிமிடம், இடையில் மின்னஞ்சலோ கூட்டமோ கிடையாது. ஒவ்வொன்றுக்கும் சார்ட்டர் என்ற ஒரு வரிக் குறிக்கோள் இருக்கும். எதை, எதை வைத்துக்கொண்டு, என்ன தெரிந்துகொள்ளச் சோதிக்கிறோம் என்பதுதான் அந்த வரி. நம் செயலிக்கு: ‘பணம் கட்டும் வழியை, அழைப்பும் நெட் துண்டிப்பும் கொண்டு குறுக்கிட்டு, இருக்கையும் பணமும் எங்கே பிரிகின்றன என்று கண்டறிக.’ செய்துகொண்டே நேரத்தோடு குறிப்பெழுத வேண்டும். ‘10.02 பணம் கட்டு. 10.07 பின் அடித்தேன். திரும்பினால் தேடல் திரை’ என்ற அளவுக்கு இருந்தாலே டெவலப்பருக்குப் பதிவுக்கோப்பில் அந்த நிமிடத்தைத் தேடிப்பிடிக்க முடியும். குறிப்பு இல்லாத டூரில் அகப்பட்ட பிழை, ‘ஒரு தடவை வந்துச்சு, அப்புறம் வரவே இல்ல’ என்பதோடு முடிந்துவிடும்.

செஷன் முடிந்ததும் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, நேரம் எதில் போனது என்று இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். 90 நிமிடத்தில் ஒரு மணி நேரம் சோதனைக் கணக்கில் பணம் போடுவதற்கும் சர்வரை எழுப்புவதற்குமே போயிருந்தால், ‘பேமெண்ட் பார்த்தாச்சு’ என்ற வார்த்தைக்கு அரை மணி நேர மதிப்புதான்.

தீபாவளிக்கு முன்பதிவு திறக்கும் காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பேருந்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு ஆள் ஒரு போனை வைத்துக்கொண்டு எவ்வளவு சுற்றினாலும் அறிய முடியாது. அதற்குச் சுமைச் சோதனை தனியாக வேண்டும். வேண்டுமென்றே உள்ளே நுழையப் பார்ப்பவர்களைத் தடுக்க முடியுமா என்பதும் அப்படித்தான், அது பாதுகாப்புச் சோதனைக்காரர்களின் வேலை. டூர்களுக்கு ஆயுளும் குறைவு. அதே மூன்று சுற்றுகளை நான்காவது பதிப்பிலும் அதே வரிசையில் நடந்தால் அவை மனப்பாட வேலையாகிவிடும், கால் தானாகவே பழகிய பாதையில் போகும். ஆகவே எட்டு நிமிடப் பிரச்சினை போன்று பிடிபட்டவற்றைத் தானியங்கிச் சோதனைகளாக எழுதிவைத்துவிட்டு, டெஸ்டர் அடுத்த சார்ட்டருக்குப் போவார்: பணம் கட்டத் தொடங்கியதுமே சர்வர் இருக்கையை நீட்டித்துப் பிடிக்கும்படி டெவலப்பர் மாற்றியிருந்தால், பணம் கட்டாமலேயே அந்தப் பொத்தானை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தி ஒரு முழுப் பேருந்தையும் ஒருவரால் மாலைவரை முடக்கிவைக்க முடியுமா என்று பார்க்க.